பதினஞ்சு வார்த்தைக்குள்ள

முதல்லயே சொல்லிடறேன். நான் எழுதின ஒரு வரியை நம்பி, முப்பத்தேழு நாள் பாப்பாவுக்கு ரெண்டு நாளா ஆகாத தண்ணியில பால் கலக்கிக் குடுத்திருக்காங்க. வேணும்னு எழுதலை. ஆனா எழுதினது நான்தான்.

என் பேரு உலகம்மை. அப்பா கொத்தனார், திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து திருவனந்தபுரம் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. நான் இங்கேயே பொறந்து, மலையாளம் மீடியத்துல படிச்சு, எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் கடைசி செமஸ்டர் வரைக்கும் தத்தித் தத்தி வந்துட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தின்னு வீட்டுல சொல்லுவாங்க. மேடையில மட்டும் அந்த வாய் எங்க போகும்னே தெரியாது.

திருவனந்தபுரத்துலயே கரமனைன்னு ஒரு பகுதி, அங்க இருக்கற கிணத்துத் தண்ணிதான் எங்க புராஜெக்ட். நானும் பிரபினும் சேர்ந்து செஞ்சோம். பிரபின் மலையாளிப் பையன், நல்லவன், ஆனா எந்த வேலையையும் கடைசி நாள்தான் தொடுவான். ஜனவரியில பன்னெண்டு கிணத்துல தண்ணி எடுத்து நைட்ரேட் எவ்வளவு இருக்குன்னு பாத்தோம். சாணி, செப்டிக் டேங்க், உரம் இதெல்லாம் மண்ணுல இறங்கினா நைட்ரேட் கிணத்துக்கு வந்துடும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. லிட்டருக்கு நாப்பத்தஞ்சு மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு கணக்கு. அதுக்கு மேல போனா பெரியவங்களைவிடப் பச்சைக் குழந்தைக்குத்தான் பெரிய ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காம போயி, உதடும் நகமும் நீலம் பாரிச்சிடும்.

பதினொரு கிணத்துல பிரச்சனை இல்ல. பத்து, இருபது, முப்பதுன்னு வந்துச்சு. ஏழாம் நம்பர் கிணறு மட்டும் மெஷினோட அளவையே தாண்டிப் போயிடுச்சு. நான்தான் ஏதோ சொதப்பிட்டேன்னு நினைச்சு, சாம்பிள்ல சுத்தத் தண்ணி விட்டு நீர்க்க வெச்சு மூணு வாட்டி பாத்தேன். நூத்திப் பதினேழு, நூத்திப் பத்தொம்பது, நூத்திப் பதினெட்டு. நூத்திப் பதினெட்டுன்னு எழுதினேன். ரிப்போர்ட்டுல வீட்டுப் பேரு வரக்கூடாதுன்னு விதி, அதனால W7. சர்வே ஃபாரத்துல 'வீட்டில் கைக்குழந்தை உண்டா' கட்டத்துல 'இல்லை'. அப்ப இல்லைதான்.

மார்ச்சுல ரிப்போர்ட் முடிஞ்சுது. நாப்பத்தெட்டு பக்கம். முப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல டேபிள். அதுக்குக் கீழ ஒரு வாக்கியம், W7 தவிர மற்றவை வரம்புக்குள் உள்ளன, சராசரி 28.2 அப்படின்னு. எல்லாம் சரி. ஒரு எண்கூடத் தப்பில்ல. கருநீல அட்டை போட்டு, தங்க எழுத்துல பேர் அடிச்சு, லேப் அலமாரியில வெச்சுட்டு, நானும் பிரபினும் போயி புரோட்டா தின்னோம்.

மே மாசம் டிபார்ட்மென்ட்டுல புதுசா ஒண்ணு கிளப்பினாங்க. எந்த ஏரியாவுல ஆராய்ச்சி பண்ணினோமோ அந்த ஜனங்களுக்கே முடிவைக் கொண்டுபோய்ச் சொல்லணும். ஒரு போஸ்டர், அஞ்சு நிமிஷப் பேச்சு. அதுக்கு ஒரு பக்கத்துல விதிமுறை. போஸ்டர்ல முதல்ல இருக்க வேண்டியது தலைப்பு இல்ல, கண்டுபிடிப்பு. பெரிய எழுத்துல, பதினஞ்சு வார்த்தைக்குள்ள, படிக்கத் தெரிஞ்ச யாருக்கும் புரியற மாதிரி. முறை, கருவி எல்லாம் கீழ, சின்ன எழுத்துல. பேசும்போதும் அதே வரிசை. ஆள் எழுந்து போறதுக்குள்ள முக்கியமானதைச் சொல்லி முடிச்சிருக்கணும்.

நல்ல விதிதான். நாங்கதான் அதை வெச்சு இந்தக் கூத்து பண்ணினோம். நான் முதல்ல எழுதினது இது. 'கரமனைப் பகுதியில் ஆய்வு செய்த பன்னிரண்டு கிணறுகளில் சராசரி நைட்ரேட் அளவு அரசு வரம்புக்குள் உள்ளது; ஏழாம் எண் கிணறு மட்டும் வரம்பை மீறியுள்ளது.' எண்ணிப் பாத்தா பதினெட்டு வார்த்தை. மூணு குறைக்கணும். எங்க கைடு பத்மப்ரியா மிஸ் எட்டிப் பாத்துட்டு, சராசரின்னா தெருவுல போற ஆளுக்கு என்ன புரியும், ஏழாம் எண் எதுன்னு யாருக்குத் தெரியும், எளிமையா எழுதுன்னு சொல்லிட்டு அடுத்த கிளாசுக்குப் போயிட்டாங்க. பிரபின் சராசரியை வெட்டினான். நான் ஏழாம் கிணத்தை வெட்டினேன். வெட்ட வெட்ட அழகாச்சு.

'நம்ம பகுதிக் கிணத்துத் தண்ணியில நைட்ரேட் அளவு பாதுகாப்பான வரம்புக்குள்ளதான் இருக்கு.'

ஒம்பதே வார்த்தை. மேல மலையாளம், கீழ தமிழ். முழு ரிப்போர்ட் வேணும்ங்கறவங்களுக்கு ஓரத்துல ஸ்கேன் பண்ற கட்டம். மிஸ் பாத்துட்டு, இப்பதான் மெசேஜ் மாதிரி இருக்குன்னாங்க. எனக்குத் தலைகால் புரியலை. ஃப்ளெக்ஸ் அடிச்சு வியாழக்கிழமை காலையிலயே கரமனை குடியிருப்போர் சங்க ஹால் வெளிச் சுவத்துல கட்டிட்டோம். பேச்சு ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு.

சனிக்கிழமை காலையில மைக் இருக்கா, ப்ரொஜெக்டர் இருக்கான்னு பாக்க நான் மட்டும் தம்பானூர்ல இருந்து பஸ் ஏறிப் போனேன். பிரபின் கூட்டாளிகளோட கல்லாறுக்குக் குளிக்கப் போயிட்டான், அங்க ஃபோனும் எடுக்காது. பஸ்ஸுல உக்காந்து அஞ்சு நிமிஷப் பேச்சை மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். நாளைக்கு நாக்கு ஒட்டிக்குமோன்னுதான் அப்ப எனக்குப் பயம். அதெல்லாம் ஒரு பயமா.

ஹால் வாசல்ல போஸ்டரைப் பாத்துக்கிட்டு மாடம்மாப் பெரிம்மா நின்னாங்க. தம்பானூர்ல ஒரு ஹோட்டல்ல காய் நறுக்குற வேலை அவங்களுக்கு. ஜனவரியில அவங்க காம்பவுண்டுக் கிணத்துல தண்ணி எடுக்கப் போனப்ப பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் குடுத்து, நம்ம ஊருப் பிள்ளையான்னு கன்னத்தைத் தொட்டவங்க. என்னைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பேரப்பிள்ளை பொறந்திருக்காம், ஆம்பளப் பிள்ளை, முப்பத்தேழு நாளாச்சாம். ஜனவரியில மருமக ஷிஜா மாசமா இருந்து அம்மா வீட்டுக்குப் போயிருந்திருக்கா. ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை, தாய்ப்பால் பத்தலை, டாக்டர் பவுடர்பால் எழுதிக் குடுத்திருக்காங்க. நான் சந்தோஷமாத்தான் கேட்டுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் சொன்னாங்க.

"உனக்குத்தான் பிள்ள புண்ணியம். நர்ஸம்மா சொன்னாங்கன்னு பாலுக்குக் கேன் தண்ணிதான் வாங்கிட்டிருந்தோம். கேன்காரன் நெனச்சா வாரான், இல்லன்னா இல்ல. வியாழக்கெழமை உன் போர்டைப் பாத்தேன். நம்ம பிள்ள எழுதிப் போட்டிருக்கு, நம்ம கெணறு நல்லாத்தான் இருக்குன்னு கேனை நிறுத்திட்டேன்."

அவங்க காம்பவுண்டு. மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்துல அந்தக் கிணறு. மூணு வாட்டி நீர்க்க வெச்சுப் பாத்தது. ஏழு.

எனக்குக் காது அடைச்சுப் போச்சு. ரோட்டுல பஸ் போறது தெரியுது, சத்தம் வரலை. பெரிம்மா வாய் அசையுது. நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் குடுக்கோம், தளதளன்னு அரை மணிநேரம் கொதிக்க விடுதோம்னு சொன்னது மட்டும் பெருசாக் கேட்டுச்சு. கொதிக்க வெச்சா கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணி ஆவியாகி வத்த வத்த மிச்சத் தண்ணியில அது இன்னும் கூடும். நல்லது பண்றதா நினைச்சு அரை மணிநேரம் கூட்டிக் கூட்டிக் குடுத்திருக்காங்க.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்குத் தோணினது ஓடிப்போயிடலாம்ங்கறதுதான். பாப்பாவைப் பாக்கணும்னு மட்டும் வாயில வந்துச்சு. பெரிம்மா சந்தோஷமா என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தக் கை ஈரமா இருந்துச்சு, அது அவங்க கையா என் கையான்னு தெரியலை.

ரெண்டு தெரு தள்ளி, வரிசையா மூணு ஓட்டு வீடு, நடுவுல கிணறு. ஷிஜா கட்டில்ல உக்காந்து மடியில பாப்பாவைப் போட்டு, ஒரு கையால பால் பாட்டிலைக் குலுக்கிக்கிட்டிருந்தா. என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசுதான் கூட இருக்கும். புருஷன் மகேஷ்குமார் கொச்சியில கட்டட வேலை. பாப்பா ரெண்டு நாளா சரியாக் குடிக்கலை, தூங்கிக்கிட்டே இருக்கான், நீயாவது எழுப்பிக் குடின்னு சொல்லுன்னு என்கிட்டச் சிரிச்சா.

இப்பத்தான் நான் பண்ணின ரெண்டாவது கேவலம். வாயைத் தொறந்தேன். தொறந்து என்ன சொன்னேன் தெரியுமா? நாங்க ஜனவரி மாசம் பன்னெண்டு கிணத்துல சாம்பிள் எடுத்தோம் அக்கா, சுத்தமான பாட்டில்ல, ஐஸ் பெட்டியில வெச்சு, அன்னைக்கே லேபுக்குக் கொண்டுபோனோம்னு ஆரம்பிச்சேன். முன்னுரை. செய்முறை. நாப்பத்தெட்டு பக்க ரிப்போர்ட் முதல் பக்கத்துல இருந்து தானா வாயில வருது. நிறுத்தத் தெரியலை. பயந்தவளுக்கு அதுல ஒரு பாதுகாப்பு, சொல்ல வேண்டியது கடைசியிலதானே வரும். ஷிஜா மரியாதைக்குத் தலையாட்டிக்கிட்டே பாட்டிலைக் கன்னத்துல வெச்சுச் சூடு பாத்தா. நான் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்னு ஒரு கருவி இருக்குக்கான்னு சொல்றேன். அவ ரப்பரைப் பாப்பா உதட்டுல வெச்சா.

அந்த உதடு. ஜன்னல் வெளிச்சம் நேரா அதுல விழுந்துச்சு. பாப்பா உதடுன்னா ரோஸா இருக்கணும். இது நாவப்பழம் தின்ன வாய் மாதிரி லேசாக் கருத்துக் கெடக்கு.

"குடுக்காதீங்க," அப்படின்னேன். "இந்தத் தண்ணி பாப்பாவுக்கு ஆகாது. கிணத்துல நைட்ரேட் நூத்திப் பதினெட்டு இருக்கு. கொதிக்க வெச்சாலும் போகாது. உதட்டைப் பாருங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சொல்லி முடிக்க அஞ்சு செகண்டு ஆகியிருக்காது. பாட்டில் கீழ விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில போச்சு. ஷிஜா பாப்பாவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சு விரலை விரிச்சுப் பாத்தா, நகத்தைப் பாத்தா, அப்புறம் அவ வாயில இருந்து வந்த சத்தம் அழுகைன்னு சொல்ல முடியாது. மாடம்மாப் பெரிம்மா கதவுக்கிட்ட அப்படியே நின்னாங்க. நீதானே பிள்ள நல்ல தண்ணின்னு எழுதிப் போட்டதுன்னு கேட்டாங்க. கோவமாக் கேக்கலை. நெசமாப் புரியாமத்தான் கேட்டாங்க. ஆட்டோ கூப்பிட ஓடினேன்.

ஆட்டோவுல ஷிஜா நடுவுல, நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கம். மரத்து நிழல் வந்தா உதடு ரொம்பக் கருப்பாத் தெரியும், வெயில் வந்தா கொஞ்சம் தேவலைன்னு தோணும், அடுத்த மரம் வந்தா எனக்கு உயிரே போயிடும். பாப்பா தூங்கறானா இல்ல வேறயான்னு தெரியாம ஷிஜா நிமிஷத்துக்கு ஒருக்க உள்ளங்காலைச் சுண்டினா. சுண்டினா முனகுவான். எப்பவும் பிள்ளை அழுதா எரிச்சல்படறவ நான், அன்னைக்கு அந்த முனகலுக்காகவே உக்காந்திருந்தேன். ஒவ்வொரு சிக்னல்லயும் ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பாத்தார். பெரிம்மா வாய்க்குள்ள இசக்கியம்மன் பேரைச் சொல்லிக்கிட்டே வந்தாங்க.

அவசரப் பிரிவுல என்ன பிரச்சனைன்னு கேட்ட டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. பெரிம்மா, பொறந்ததுல இருந்து ஆரம்பிச்சாங்க. ஆபரேஷன், பால் பத்தாதது, கேன்காரன். நான் குறுக்க விழுந்தேன். முப்பத்தேழு நாள் குழந்தை, பவுடர்பால், ரெண்டு நாளா கிணத்துத் தண்ணியில, அந்தத் தண்ணியில நைட்ரேட் நூத்திப் பதினெட்டுன்னு மலையாளத்துல ஒரே மூச்சுல சொன்னேன். டாக்டர் நிமிந்து என்னைப் பாத்தாங்க. வேற ஒண்ணும் கேக்கலை, பாப்பாவை வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க.

கண்ணாடிக் கதவு வழியாத் தெரிஞ்சுது. பாப்பா கால்ல ஒரு சின்னக் கருவி மாட்டினாங்க, தொண்ணூறு காட்டுச்சு. ஆக்சிஜன் வெச்சாங்க. ஏறலை. தொண்ணூறு, தொண்ணூத்தி ஒண்ணு, மறுபடி தொண்ணூறு. ஏன் ஏறலைன்னு எனக்குத் தெரியும், ரிப்போர்ட்டுல ஆறாம் பக்கத்துல ஒரு பத்தி எழுதியிருக்கேன். புத்தகத்துல இருந்து எடுத்து வாக்கியத்தை மாத்தி மாத்தி எழுதினது. அது ஒரு பிள்ளையைப் பத்தின பத்தின்னு எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்ல. ஊசியில ரத்தம் எடுத்தாங்க. ரத்தம் சிவப்பா இல்ல, சாக்லேட் கலர்ல இருந்துச்சு. ஷிஜா அதைப் பாக்கக்கூடாதுன்னு நான் அவளுக்கு முன்னாடி போய் நின்னேன். அவ என்னை ஒதுக்கித் தள்ளிட்டுப் பாத்தா.

ரிசல்ட்டு வர ஒண்ணேகால் மணிநேரம். அந்த ஒண்ணேகால் மணிநேரத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. செத்துட்டா என்ன பண்றதுன்னு நினைப்பேன், உடனே அப்படி நினைச்சதுக்கே தலையில அடிச்சுக்கத் தோணும். கொலைகாரின்னு யாராவது சொல்லிட்டாத் தேவலைன்னுகூட இருந்துச்சு, யாருமே சொல்லலை. பெரிம்மா எதிர் பெஞ்சுல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

டாக்டர் வந்து சொன்னாங்க, கெட்டுப்போன ரத்தம் நூத்துக்குப் பதிமூணு இருக்கு, இருபது தாண்டினா மருந்து ஊசி போடணும், இது அந்த அளவுக்குப் போகலை. அந்தத் தண்ணியை நிறுத்திட்டா உடம்பே சரிபண்ணிக்கும், ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். இன்னும் ஒரு வாரம் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு ஷிஜா கேட்டா. டாக்டர் அவ தோளைத் தொட்டுட்டு, அதான் குடுக்கலையேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

வெளிய வந்து பத்மப்ரியா மிஸ்ஸுக்கு ஃபோன் பண்ணினேன். மொத்தத்தையும் சொன்னேன். மிஸ் கெட்டவங்க இல்ல, அன்னைக்கு அவங்களும் என்னை மாதிரி பயந்துட்டாங்க, அவ்வளவுதான். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையேன்னு மூணு தடவை கேட்டாங்க. அப்புறம் டிபார்ட்மென்ட் பேரு, ஹெச்.ஓ.டி., உன் மார்க், எல்லாம் வந்துச்சு. நாளைக்குப் பேச்சை எழுதினபடியே பேசு உலகு, கடைசி ஸ்லைடுல வரம்புகள்னு ஒரு தலைப்பு போட்டு, சில கிணறுகளில் அளவு மாறுபடலாம்னு சேத்துடலாம்னாங்க. அந்தக் கிணத்து வீட்டுக்காரங்ககிட்ட தனியா நாம சொல்லிக்கலாமாம். சரி மிஸ்னு சொன்னேன். எனக்கும் அதுதான் வேணும்னு இருந்துச்சு, மறைக்க மாட்டேன். என் மக எம்.எஸ்சி.ன்னு அப்பா சாந்து அப்பின கையோட எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு.

ஆனா வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி ஸ்லைடை எழுத உக்காந்தா, கை ஓடலை. கேனை நிறுத்தினது பெரிம்மா ஒருத்தர்தானா? வியாழக்கிழமையில இருந்து எத்தனை பேர் அந்த வழியா ரேஷன் கடைக்குப் போயிருப்பாங்க. பன்னெண்டு கிணத்தைத்தான் பாத்தோம். நம்ம பகுதிக் கிணறுன்னு எழுதிட்டோம். பாக்காத கிணறு நூறு இருக்கும், எதுக்குப் பக்கத்துல தொழுவம், எந்த வீட்டுல பச்சைப் பிள்ளைன்னு எனக்கு எப்படித் தெரியும். கைக்குழந்தைக்காரி எவ அஞ்சாவது நிமிஷம் வரைக்கும் உக்காந்து கடைசி ஸ்லைடைப் பாப்பா? பிள்ளை சிணுங்கினதும் எழுந்து போயிடுவா. போகும்போது சுவத்துல என் வரியைப் படிச்சுட்டுப் போவா.

ஞாயித்துக்கிழமை ஹால்ல நாப்பது பேர் இருக்கும். சங்கச் செயலாளர் நாகேஸ்வரன் மாமா, அக்ரஹாரத்துக்காரர், அரசாங்கக் கணக்கு பாக்கற ஏஜீஸ் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு. என்னை அறிமுகப்படுத்தும்போதே, நம்ம கிணறெல்லாம் பேஷா இருக்குன்னு இந்தக் கொழந்தை கண்டுபிடிச்சிருக்கான்னு சொல்லிட்டார். கை தட்டினாங்க. முதல் வரிசையில பத்மப்ரியா மிஸ், பக்கத்துல பிரபின், மூஞ்சியெல்லாம் வெளிறி. காலையிலதான் அவனுக்கு விஷயத்தைச் சொன்னேன். ரெண்டாவது வரிசையில ஒரு பொண்ணு கைக்குழந்தையோட, அது அப்பவே சிணுங்க ஆரம்பிச்சிருச்சு. கடைசி வரிசையில மாடம்மாப் பெரிம்மா. ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்திருக்காங்க, நேத்துக் கட்டின அதே சேலை.

மைக்கை வாங்கினேன். என் மூச்சே ஸ்பீக்கர்ல கேக்குது. முதல் ஸ்லைடுல பச்சைக் கலர்ல கிணறு படம் போட்டு எல்லாருக்கும் வணக்கம்னு எழுதியிருக்கு. மிஸ் என்னைப் பாத்து லேசாத் தலையசைச்சாங்க. வணக்கம்கூட நான் சொல்லலை.

"வெளிச் சுவத்துல இருக்கற போஸ்டர் தப்பு. ஒரு வயசுக்குள்ள குழந்தை இருக்கற வீட்டுல, டெஸ்ட் பண்ணாத கிணத்துத் தண்ணியைப் பாலுக்குச் சேக்காதீங்க. கொதிக்க வெச்சாலும் சேக்காதீங்க."

மலையாளத்துல சொன்னேன், அதையே தமிழ்ல சொன்னேன். ரெண்டாவது வரிசைப் பொண்ணு எழுந்திரிக்கப் போனவ அப்படியே நின்னுட்டா. அதுக்கப்புறம்தான் மத்தது. பன்னெண்டுல ஒரு கிணறு மோசம், நேத்து ஒரு பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான், அந்த வரியை எழுதினது நான், சராசரியை வெட்டினதும் நாங்க, அந்த ஒரு கிணத்தை வெட்டினதும் நாங்க. கிணத்துத் தண்ணியை எங்க லேபுக்குக் கொண்டுவாங்க, நானும் பிரபினும் பாத்துக் குடுக்கறோம்னேன். அதை மிஸ்கிட்ட கேக்காமத்தான் சொன்னேன். மிஸ் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நாகேஸ்வரன் மாமா எழுந்து வெளிய போயி, யாரையோ கூப்பிட்டு, ஃப்ளெக்ஸைக் கிழிச்சு இறக்கற சத்தம் கேட்டுச்சு.

ஆளாளுக்குக் கேள்வி கேட்டாங்க. எந்தக் கிணறு, எந்தத் தெரு, எங்க வீட்டுலயும் மாடு இருக்கே, ஃபில்டர் போட்டாப் போகுமா. எப்படியோ பதில் சொன்னேன். சாதாரண ஃபில்டருக்குப் போகாது, ஆர்.ஓ. இருந்தாக் குறையும்னு சொல்லிக்கிட்டிருக்கும்போது மாடம்மாப் பெரிம்மா எழுந்தாங்க. எல்லாரும் அவங்களைத் திரும்பிப் பாத்தாங்க. யாரோட பிள்ளைன்னு அதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுபோல.

பாப்பா உதடு இப்ப பரவாயில்ல, காலையில பால் குடிச்சான்னு முதல்ல சொன்னாங்க. எனக்குக் கண்ணு முட்டிக்கிட்டு வந்துச்சு. மன்னிச்சுட்டாங்கன்னு நினைச்சேன், சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அவங்க அங்கேயே நின்னாங்க, உக்காரலை.

"ஒண்ணு மட்டும் சொல்லு பிள்ள. தண்ணி எடுத்துட்டுப் போனியே, தைமாசம். எங்க கெணறுதான் கெட்ட கெணறுன்னு அப்பமே உனக்குத் தெரியுமா?"

பிரபின் என்னைப் பாத்தான். மிஸ் நிமிந்து பாத்தாங்க. வீட்டுப் பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு விதி இருந்துச்சு. வீட்டுல அப்ப குழந்தை இல்ல. ரிப்போர்ட்டுல எழுதித்தானே இருந்துச்சு, முப்பத்தி ஒண்ணாம் பக்கம். எல்லாத்தையும் வரிசையாச் சொல்லிடலாம்னு தோணுச்சு.

"தெரியும் பெரிம்மா," அப்படின்னேன்.

மைக் ஆன்லதான் இருந்துச்சு. ஹால் முழுக்கக் கேட்டுச்சு.